சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் முதலில் கேட்டால்

அம்மா, உங்கள் மகளுக்கு வந்த அழைப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோவையில் மூன்று வருடமாக டெஸ்டிங் வேலை, ஆண்டுக்கு 4.2 லட்சம். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டு, வேலை என்ன, எந்த கிரேடு, எவ்வளவு தருவார்கள் என்று எதுவும் சொல்லாமல் எடுத்த எடுப்பிலேயே "கரண்ட் சிடிசி என்ன, எக்ஸ்பெக்டட் என்ன" என்று கேட்டிருக்கிறார்கள். சிடிசி என்றால் கம்பெனி ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை, கைக்கு வருவது அல்ல. இவள் 4.2 என்று சொல்லிவிட்டு, எக்ஸ்பெக்டடுக்கு "கம்பெனி நார்ம்ஸ்படி கொடுங்கள்" என்றிருக்கிறாள். உண்மையைச் சொன்னது தப்பில்லை. இரண்டாவது பதிலைத்தான் திருத்த வேண்டும், இன்னும் ஒரு சுற்று இன்டர்வியூ பாக்கி இருப்பதால் அதற்கு நேரமும் இருக்கிறது.

அவர்கள் ஏன் பழைய சம்பளத்தை முதலில் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அந்த வேலைக்கென்று ஒரு பட்ஜெட் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். உங்கள் மகளின் எண் அந்த பட்ஜெட்டைவிட நிறையக் குறைவாக இருந்தால், பட்ஜெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், பழைய சம்பளத்தின் மேல் 30 சதவீதம் போட்டுக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டப்படி கூடாது. இங்கே அப்படி ஒரு தடை இல்லை. ஆன்லைன் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாத கம்பெனிகள் நிறைய. அதனால் "சொல்ல மாட்டேன்" என்று நிற்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. கூட்டிச் சொல்லவும் கூடாது. ஆஃபருக்கு முன்னால் மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள், சேர்ந்த பிறகு படிவம் 16 கேட்பார்கள், அப்போது எண் பொருந்தாவிட்டால் ஆஃபரைத் திரும்பப் பெறவும் வேலையை விட்டு அனுப்பவும் அந்த ஒரு காரணம் போதும்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? பழைய எண்ணைச் சொல்லும்போதே, அதே மூச்சில் தன் எதிர்பார்ப்பையும் சொல்ல வேண்டும், அந்த எதிர்பார்ப்பு சதவீதமாக இருக்கக் கூடாது. 30 சதவீதம் உயர்வு என்றால் உங்கள் மகளுக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

இப்போதைய 4.2 லட்சத்தில் 36,000 வேரியபிள், அதாவது வருட முடிவில் வந்தால் வரும். கம்பெனி பங்கு பிஎஃப் 21,600. கிராஜுவிட்டி என்று சுமார் 8,700. மீதி இன்சூரன்ஸ். இவையெல்லாம் போக மாதம் 29,000, அதில் அவள் பங்கு பிஎஃப் 1,800-உம் தொழில் வரியும் கழித்தால் கைக்கு 27,000. 30 சதவீதம் கூட்டினால் 5.46 லட்சம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய இடத்தில் வேரியபிள் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 81,900 போய்விடும். பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்தால் மாதம் கைக்கு வருவது சுமார் 33,500. ஆக, மாதத்துக்கு 6,500 ரூபாய்தான் கூடுதல். இப்போது வீட்டில் சாப்பிட்டு வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவள், சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், ரயில் என்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 13,000-க்குக் குறையாது. உயர்வு என்று நினைத்து மாதம் 6,500 நஷ்டத்தில் போய் உட்காருவாள், அந்த விஷயம் அவளுக்கு மூன்றாவது மாதம்தான் உறைக்கும்.

அதனால் கணக்கைக் கைக்கு வரும் தொகையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இப்போதைய 27,000-உடன் சென்னைச் செலவு 13,000-உம் சேர்த்து 40,000 வந்தால்தான் அவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அதற்கு வேரியபிளைச் சேர்க்காமல் ஃபிக்ஸட் மட்டுமே சுமார் 5.5 லட்சம் வேண்டும். ஃபிக்ஸட் 6 லட்சம் என்றால் கைக்குச் சுமார் 44,500 வரும், அப்போதுதான் ஊர் மாறியதற்கு ஏதோ மிஞ்சும். ஆக மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய கீழ் எல்லை ஃபிக்ஸட் 6 லட்சம், வாயால் கேட்க வேண்டியது 6.8. இந்த எண் சந்தையில் செல்லுமா என்பதை அவளோடு படித்து இப்போது சென்னையில் அதே வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவர்களிடமும் சிடிசியைக் கேட்க வேண்டாம், மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.

இதை எப்படிச் சொல்வது? அடுத்த சுற்று முடிந்த அன்றே எச்ஆருக்கு ஒரு மெயில் போடட்டும். "முதல் அழைப்பில் வேலையின் விவரம் தெரியாததால் எதிர்பார்ப்பைச் சொல்லவில்லை. இப்போது பொறுப்பு என்னவென்று புரிந்தது. என் தற்போதைய ஃபிக்ஸட் 3.84 லட்சம், வேரியபிள் 36,000. இந்தப் பொறுப்புக்கும் சென்னைக்கு இடம் மாறுவதற்கும் ஃபிக்ஸட் 6.8 லட்சம் எதிர்பார்க்கிறேன். இந்த கிரேடுக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன, அதில் ஃபிக்ஸட் எவ்வளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும்." இவ்வளவு போதும். வீட்டுக் கடன், தங்கை படிப்பு எதையும் எழுத வேண்டாம், அதற்காக யாரும் கூட்டித் தரப்போவதில்லை.

அப்புறம் ஒரு போன் வரும். "30 சதவீதத்துக்கு மேல் எங்கள் பாலிசியில் இல்லை" என்பார்கள். பல இடங்களில் அது நிஜமாகவே எச்ஆர் தானாகக் கொடுக்கக்கூடிய எல்லைதான், அதற்கு மேல் போக மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். ஆள் தேவைப்படுவது எச்ஆருக்கு இல்லை, இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கு. ஆகவே "புரிகிறது, விதிவிலக்குக்கு மேனேஜரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அவசரப்பட்டுத் தாங்களாகவே இறங்கி வருகிறார்கள். இரண்டு நாள் பதில் வராமல் இருப்பது சாதாரணம், அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள். "வேறு ஆஃபர் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லக் கூடாது, அடுத்த கேள்வியே அந்த லெட்டரைக் காட்டச் சொல்வதாக இருக்கும்.

மொத்தத் தொகை அசையவே இல்லை என்றால் வேரியபிளைக் குறைத்து ஃபிக்ஸடைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்பார்கள். அது ஒரு முறை வருவது, ஒரு வருடத்துக்குள் விட்டுப் போனால் பெரும்பாலும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அடுத்த வருட உயர்வு அதன்மேல் கணக்கிடப்படவும் மாட்டாது. அதை ஃபிக்ஸடுக்கு ஈடாக நினைக்காதீர்கள். ஃபிக்ஸட் 6 லட்சத்துக்குக் கீழே நின்றுவிட்டால் நான் கோவையிலேயே இருக்கச் சொல்வேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மா. எச்ஆரிடம் நீங்களோ அவளுடைய அப்பாவோ பேச வேண்டாம், கணக்கை மட்டும் அவளோடு உட்கார்ந்து போடுங்கள். ஆஃபர் லெட்டருடன் சம்பளப் பிரிவு எழுதிய இணைப்பு வந்து, அதில் ஃபிக்ஸட் தனியாக, வேரியபிள் தனியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும். போனில் சொன்ன எண்ணை நம்பி முதலிலேயே கொடுத்துவிட்டால், நோட்டீஸ் காலம் ஓட ஆரம்பித்த பிறகு அவள் எதைக் கேட்டாலும் அவர்களுக்கு அவசரம் இருக்காது.