பாக்: ஒரே மஞ்சள் நூலில் இரண்டு நிறம் எப்படி?

கேள்வி: பஞ்சாபின் புல்காரி என்னும் பூவேலை செய்த பழைய சால்வையில் ஒரே மஞ்சள் நூல்தான் என்கிறார்கள். ஆனால் கட்டம் கட்டமாக இரண்டு மஞ்சள் தெரிகிறதே, எப்படி?

நூல் ஒன்றுதான், தையல் ஓடும் திசைதான் வேறு. துணி தெரியாதபடி முழுக்கப் பூவேலை நிறைந்த சால்வையை 'பாக்' என்பார்கள். அதற்கான பட்டு நூலை முறுக்குவதில்லை. இழைகள் படிந்து கிடப்பதால் பளபளப்பு அதிகம். நெடுக்காகத் தைத்த கட்டத்தில் வெளிச்சம் ஒரு மாதிரி விழும், பக்கத்தில் குறுக்காகத் தைத்ததில் வேறு மாதிரி. சால்வையைக் கால்வட்டம் திருப்பினால் வெளிறியது அடர்ந்துவிடும், அடர்ந்தது வெளிறிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இந்த மாற்றம்தான்.

அடர்த்தியின் சூட்சுமம் பின்பக்கத்தில் இருக்கிறது. சிவப்புச் சாயமேற்றிய கதர்த் துணியின் பின்புறத்திலிருந்து, கோலம் எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே தைப்பார்கள். ஊசி பின்னால் ஒரே ஒரு இழையைத்தான் கவ்வும். மீதி நூல் எல்லாம் முன்பக்கம் படரும். அதனால்தான் பின்னால் பார்த்தால் புள்ளி புள்ளியாக மட்டும் தெரியும். ஒரு இழை எண்ணிக்கை தவறினாலும் வைரக் கட்டத்தின் முனை அடுத்ததோடு சேராது.

மணமகளுக்கு மாமியார் வீட்டார் தரும் 'வரி தா பாக்' இப்படித்தான், சிவப்பின்மேல் பெரும்பாலும் ஒரே பொன் மஞ்சள். கட்டங்களுக்கு நடுவே நூலிழை அளவுக்கு மட்டும் சிவப்பு எட்டிப்பார்க்கும்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. மேலே நீண்டு கிடக்கும் முறுக்காத நூல் வளையலிலோ மோதிரத்திலோ சட்டென்று மாட்டி இழுபடும். பழைய சால்வைகளில் பட்டு தேய்ந்து, அடியிலுள்ள கதர் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான்.