அம்புலன்ஸ் தாண்டிப் போகும்போது சைரனுக்கு என்ன ஆகிறது? கேள்வி பதில்

உயர்தர மாணவி: சேர், அம்புலன்ஸ் கிட்ட வர வர சைரனின் சுருதி ஏறிக்கொண்டே வரும், தாண்டினதும் இறங்கும் என்று ரியூசனில் சொன்னார்கள். நிலாவெளி வீதியில் நின்று கவனித்தால் ஏறுவதாகவே தெரியவில்லை. என் காதில் பிழையா?

காதில் பிழை இல்லை பிள்ளை. கிட்ட வர வர ஏறுவது உரப்பு மட்டும்தான். சுருதி, வண்டி தூரத்தில் வரும்போதே அதன் உச்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து அது இறங்க மட்டுமே செய்யும், வண்டி ஒரே வேகத்தில் வந்தால் ஒரு கணம்கூட ஏறாது. சத்தம் பெருக்கும்போது சுருதியும் ஏறுகிறது என்று மனம் நினைத்துக்கொள்கிறது, அதைத்தான் பலரும் அப்படியே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். சைரன் 1000 ஹேர்ட்ஸில் ஒரே சீராக ஊதுகிறது, வண்டி மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர். நம்மூர் வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். வண்டி நின்றால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் 35 சென்ரிமீற்றர். ஓடும் வண்டி, ஓர் அலையை விட்டு அடுத்ததை விடுவதற்குள் 2 சென்ரிமீற்றர் முன்னுக்கு வந்துவிடுகிறது, ஆகவே முன்பக்கம் அலைகள் 33 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருங்கிவிடும், பின்பக்கம் 37 ஆக விலகிவிடும். நெருங்கினவை உங்கள் காதை செக்கனுக்கு 1061 தடவை தட்டும், விலகினவை 946 தடவை. தொப்ளர் விளைவு இவ்வளவுதான். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கின மாதிரி.

உப்புவெளி அண்ணா ஒருவர்: இதில் என்ன இருக்கு, வண்டி முன்னால் இருக்கிற காத்தைத் தள்ளுது, அதனால் சத்தம் வேகமா வந்து சேருது. அதுதானே?

பாதி சரி. அலைகள் நெருங்குவது உண்மை, ஆனால் காற்றை வண்டி தள்ளுவதால் அல்ல. வண்டியை விட்டுப் புறப்பட்ட பிறகு ஒலி காற்றின் சொத்து. வண்டி நின்றாலும் ஓடினாலும் அதே 350தான். வேகமாக வந்து சேர்ந்தால் சத்தம் சீக்கிரம் கேட்கும், அவ்வளவுதான், சுருதி மாறாது. மாறுவது அடுத்தடுத்த அலைகள் புறப்படும் இடம். உள்ளே இருக்கும் சாரதிக்கு சைரன் எப்போதும் 1000 ஹேர்ட்ஸ்தான், அவரும் அதோடு சேர்ந்தே ஓடுகிறாரே.

அதே மாணவி: அப்படியென்றால் 1061இலிருந்து 946க்கு டக்கென்று விழுமா? படத்தில் படிக்கட்டு மாதிரிப் போட்டிருக்கு.

வண்டி உங்கள் மேலாலேயே ஓடினால் மட்டும்தான் அந்தப் படிக்கட்டு! நாம் வீதியோரம் நிற்கிறோம். நம்மை நோக்கி வரும் வேகம் எவ்வளவோ அதற்குத்தான் சுருதி கட்டுப்படும், பக்கவாட்டு வேகத்துக்கு அங்கே வேலையில்லை. வண்டி ஓடும் தடத்திலிருந்து 5 மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். நேர் எதிரே வர இன்னும் 5 மீற்றர் இருக்கும்போது அது உங்களுக்கு 45 பாகையில் நிற்கும். உங்களை நோக்கிய வேகம் 20 அல்ல, 14தான். அந்த இடத்தில் புறப்பட்ட ஒலி 1042. நேர் எதிரே இருந்து வருவது சரியாக 1000. தாண்டி 5 மீற்றரில் 961. இந்தப் பத்து மீற்றரும் அரைச் செக்கனில் முடிந்துவிடும், அதனால்தான் சுருதி வழுக்கி விழுவது போல இருக்கிறது. அதே வண்டியை 50 மீற்றர் தள்ளியிருக்கும் ஒரு மாடியில் நின்று கேளுங்கள், அதே இறக்கத்துக்கு ஐந்து செக்கன் எடுக்கும், பலருக்கு அது மாறுவதே தெரியாது. வேகம் ஒன்றுதான், நின்ற இடம்தான் வேறு.

தம்பி ஒருவர்: நான் போனில் பதிவு பண்ணிப் பார்த்தேன், கிட்ட வரும்போது சுருதி ஏறுது. நீங்கள் சொல்வது பிழை.

தம்பி, அது சைரனே செய்யும் வேலை. நம்மூரில் ஓடும் அம்புலன்ஸ்களில் அடிக்கடி கேட்பது ஊளை மாதிரி தானாகவே ஏறி இறங்கும் வகை, வண்டி நின்றாலும் அது அப்படித்தான். அந்த ஏற்றத்தை தொப்ளர் என்று எடுத்தால் எல்லாமே குழம்பும். பதிவை மீடிறன் படமாகக் காட்டும் செயலி ஒன்றில் போடுங்கள், மலைத்தொடர் போலத் தெரியும். ஒவ்வொரு ஊளையின் சிகரத்தை மட்டும் பாருங்கள். தாண்டுவதற்கு முன் வந்த சிகரங்கள் ஒரு மட்டத்தில், தாண்டினபின் வந்தவை அதைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கும். ஊளைக்கு ஊளை உள்ள நேரமும் வரும்போது கொஞ்சம் குறுகி, போகும்போது கொஞ்சம் நீளும், அதுவும் தொப்ளர்தான். இதெல்லாம் சிக்கல் என்றால் கோன் அடித்துக்கொண்டே தாண்டும் ஒரு லொறியைப் பிடியுங்கள், ஒரே சுருதி, வேலை சுலபம்.

கருவியே இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். கிறிஸ்தியான் தொப்ளர் 1842இல் பிராகில் இதைச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது இரட்டை விண்மீன்களின் நிறம். ஒலியில் சோதித்தவர் போய்ஸ் பலோட் என்ற ஒல்லாந்துக்காரர், 1845இல் உட்ரெக்ட் பக்கம், ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, பாதையோரம் சுருதி தெரிந்த வாத்தியக்காரர்களை நிற்க வைத்து.

ஓட்டோ ஓட்டுபவர்: அண்ணே, கண்டி வீதியில் பின்னால் அம்புலன்ஸ் வந்தால், சத்தத்தின் சுருதியை வைத்து எவ்வளவு தூரத்தில் வருது என்று பிடிக்கலாமா?

முடியாது அண்ணே. சுருதி வேகத்தைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. நீங்கள் 40இல் போக அது 72இல் வந்தால் உங்கள் காதில் 1027தான் விழும், அது 300 மீற்றரில் இருந்தாலும் 30இல் இருந்தாலும் அதே 1027. இரண்டு பேரும் ஒரே வேகம் என்றால் மாற்றமே இல்லை. கண்ணாடியைப் பாருங்கள், இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

அக்கா ஒருவர்: அம்மாவின் காலுக்கு தொப்ளர் ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். அதுவும் இதுதானா? அந்த மெசினில் உஸ் உஸ் என்று கேட்டதே, அது இரத்தம் ஓடுற சத்தமா?

அதே விளைவுதான் அக்கா. அங்கே அம்புலன்ஸ் இடத்தில் இரத்தச் சிவப்பணுக்கள். காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலியை அனுப்பி, அணுக்களில் பட்டுத் திரும்புவதன் சுருதி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் கேட்டது இரத்தத்தின் சத்தமல்ல, அனுப்பினதுக்கும் திரும்பினதுக்கும் உள்ள வித்தியாசம். அது தற்செயலாக நம் காதுக்கு எட்டும் அளவில் விழுகிறது. கருவியைத் தோலில் சாய்த்துப் பிடித்திருப்பார்களே, கவனித்தீர்களா? இரத்தம் ஓடும் திசைக்கு நேர் குறுக்கே பிடித்தால், எதிரே வந்த அம்புலன்ஸின் அந்த 1000 மாதிரி, மாற்றமே தெரியாது. அம்மாவின் முடிவை வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

உப்புவெளி அண்ணா மறுபடியும்: சரி, இதைச் சொல்லுங்கோ. போன கிழமை அம்புலன்ஸ் தாண்டிப் போன பிறகு ஒரே நேரத்தில் ரெண்டு சுருதி கேட்டுது. ஒன்று தாழ்வு, ஒன்று உயர்வு.

வண்டி போன பக்கம் பெரிய சுவரோ கட்டடமோ இருந்ததா? இருந்தால், முன்பக்கம் போன நெருக்கமான அலைகள் அதில் பட்டு உங்களிடம் திரும்பும்: நேரே 946, சுவரிலிருந்து 1061, இரண்டும் சேர்ந்து.

உப்புவெளி அண்ணா: சுவரா? கடற்கரைப் பக்கம் நின்றேன், வெட்டவெளி.

அப்ப அது பொருந்தாது. சைரன் ஊளை வகை என்றால் தூரத்து மரவரிசையில் பட்டுப் பிந்தி வந்த பழைய ஊளையாக இருக்கலாம், அல்லது பின்னால் இரண்டாவது வண்டி வந்திருக்கலாம். உயர்ந்த சுருதி எந்தப் பக்கமிருந்து வந்தது, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா?

உப்புவெளி அண்ணா: அதைக் கவனிக்கேல்ல.