கல்யாண பத்திரிகை வாசகம்: தேதி, ஹால், ரெண்டு வீடு மட்டும் தெரிஞ்சா எப்படி எழுதுறது?

இந்த தடவை வந்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். பேரு லிஸ்ட் இன்னும் முடிவாகல, ஜோசியர் சீட்டு கைக்கு வரல, ஆனா வாசகத்தை மட்டும் முதல்ல எழுதி பிரஸ்ல காட்டணுமாம். தாராளமா எழுதலாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் முதல்லயே தீர்மானம் பண்ணிக்கோங்க, அழைக்கிறது யாரு? அது தெரிஞ்சாத்தான் வாக்கியம் சரியா வரும்.

கேள்வி: 11.2.2027 வியாழக்கிழமை, கல்யாண மண்டபம். நாங்க பொண்ணு வீடு, கல்யாணம் நாங்க நடத்துறோம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் மாப்பிள்ளை வீடு. இதை வச்சு எழுத முடியுமா? (சேலத்துல இருந்து ஒரு அம்மா)

முடியும்மா. முதல்ல தமிழ் தேதி. 2027 பொங்கல் ஜனவரி 15 வெள்ளிக்கிழமை, அதுதான் தை 1, அங்கிருந்து எண்ணிட்டே வந்தா பிப்ரவரி 11 தை 28. வருஷம் பராபவ. 2026 சித்திரையில பொறந்த வருஷம் அடுத்த சித்திரை வரைக்கும் ஓடும், ஆனா 2027னு பாத்ததும் அடுத்த பேரான பிலவங்கவை போட்டுடுறது சுலபமா நடக்குற தப்பு, அதை மட்டும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. பிப்ரவரி 6 அமாவாசை, அதனால வளர்பிறைன்னு தைரியமா எழுதலாம். இதோ:

"நிகழும் மங்களகரமான பராபவ வருடம் தை மாதம் 28ஆம் நாள் (11.2.2027) வியாழக்கிழமை, வளர்பிறை ______ திதியும் ______ நட்சத்திரமும் ______ யோகமும் கூடிய சுபதினத்தில், காலை ____ மணிக்கு மேல் ____ மணிக்குள் ______ லக்னத்தில், எங்கள் மகள் திருவளர்செல்வி ______ க்கும், ______ ஊர் திரு. ______ – திருமதி ______ தம்பதியரின் மகன் திருவளர்செல்வன் ______ க்கும், பெரியோர்கள் நிச்சயித்தபடி ______ திருமண மண்டபத்தில் திருமணம் நடைபெற உள்ளது. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்."

கோடு போட்ட இடத்தை கோடாவே விடுங்க. திதியும் நட்சத்திரமும் ஒரு நாளோட நடுவுலயே மாறும், காலண்டர்ல பாத்து நீங்களா நிரப்பிட்டா முகூர்த்த நேரத்துல இருக்குறது வேற ஒண்ணா இருக்கும். சீட்டு வந்ததும் நிரப்புங்க, ஆனா அப்படியே காப்பி அடிக்காம லக்னத்தை மட்டும் நேரத்தோட சேத்துப் பாருங்க. தை மாசம் சூரியன் மகரத்துல, அதனால விடியும்போது மகர லக்னம். ஆனா 28ஆம் தேதின்னா மகரம் முடியப்போற சமயம், சூரிய உதயம் ஆறரை வாக்குல ஆகி கொஞ்ச நேரத்துலயே கும்பம் வந்துடும், ஒண்ணே முக்கால் மணி நேரம் போல இருந்துட்டு எட்டேகால் தாண்டினா மீனம். சீட்டுல "காலை 7.30 – 9.00, மகர லக்னம்"னு இருந்தா எழுத்துப் பிழையா இருக்கலாம், ஜோசியருக்கு ஒரு போன் போட்டு கேளுங்க, நீங்களே திருத்தாதீங்க. இன்னொண்ணு, வியாழக்கிழமை காலைல 6லிருந்து 7.30 வரைக்கும் யமகண்டம், அந்த நேரத்துல முகூர்த்தம் ஆரம்பிக்கிற மாதிரி எழுதியிருந்தாலும் கேளுங்க.

ரிசப்ஷனை இந்த வாக்கியத்துக்குள்ள நுழைக்காதீங்க. அதை நடத்துறவங்க வேற, "எங்கள்"னு ஆரம்பிச்ச வாக்கியத்துல அதுவும் வந்தா நீங்கதான் நடத்துற மாதிரி ஆயிடும். கீழ தனியா ஒரு வரி: "வரவேற்பு: 10.2.2027 புதன்கிழமை மாலை ____ மணிக்கு, அதே மண்டபத்தில். தங்கள் வரவை விரும்பும் மணமகன் இல்லத்தார்." கல்யாணத்துக்கு முந்தின நாள் வர்றதால தேதியையும் கிழமையையும் முழுசா போடுங்க, "மாலை வரவேற்பு"ன்னு மட்டும் விட்டா கல்யாணத்தன்னைக்கு சாயங்காலம்னு நினைச்சு வர்றவங்க இருப்பாங்க.

கேள்வி: செலவு ரெண்டு வீடும் பாதி பாதி, ஒரே பத்திரிகைதான் அடிக்கிறோம். "எங்கள் மகன்"னு போடுறதா "எங்கள் மகள்"னு போடுறதா? (ஒரு தம்பி, திருச்சி)

ரெண்டும் வேண்டாம் தம்பி. ரெண்டு அப்பா அம்மாவும் சேந்து கையெழுத்து போடுற மாதிரியான பத்திரிகைல "எங்கள்"னு வந்தா எந்த வீடுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது. தலைப்புல "இருவீட்டார் அழைப்பு"ன்னு போட்டுட்டு, உள்ள "______ ஊர் திரு. ______ – திருமதி ______ தம்பதியரின் மகன்", அதே நீளத்துல "தம்பதியரின் மகள்"னு ரெண்டு பக்கமும் ஒரே அமைப்புல எழுதுங்க. முடிவுல "இருவீட்டாரும் அன்புடன் அழைக்கிறோம்". ஒரு பக்கம் தாத்தா பாட்டி பேரு போட்டா இன்னொரு பக்கமும் போடணும், ஒரு பக்கம் டிகிரி போட்டா இன்னொரு பக்கமும். வருத்தம் வர்றது இந்த மாதிரி இடத்துலதான், அதனால டிராஃப்டை ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்துல அனுப்பிடுங்க.

கேள்வி: பொண்ணோட அப்பா இல்ல. அண்ணன் நான்தான் எல்லாம் பாக்குறேன், பெரியப்பாவும் அழைக்கிற இடத்துல பேரு போடணும்னு சொல்றார். (காரைக்குடி)

உங்க நிலைமைல ரொம்ப கவனமா எழுதணும். கீழ அழைக்கிறவர் பேரு யாரோ, மேல உறவு அவரு வாயால சொல்ற மாதிரி இருக்கணும். நீங்க அழைச்சா "என் தங்கை", அம்மா அழைச்சா "என் மகள்", பெரியப்பா அழைச்சா "என் தம்பி மகள்". மூணு பேரும் ஒரே இடத்துல கையெழுத்து போட்டா எந்த உறவும் எல்லாருக்கும் பொருந்தாது. நான் சொல்றது என்னன்னா, அழைக்கிறவரா அம்மா பேரு மட்டும் இருக்கட்டும், வாசகத்துல "அமரர் ______ அவர்களின் மகளும், என் மகளுமான" அப்படின்னு இழுக்காம "அமரர் ______ – திருமதி ______ தம்பதியரின் மகள்"னு நேரா எழுதிடுங்க. அப்பா பேரு முதல்ல வந்துடுது, உறவுச் சிக்கலும் இல்ல. நீங்களும் பெரியப்பாவும் கீழ "தங்கள் நல்வரவை நாடும்"ங்கிற தலைப்புல வாங்க, பெரியப்பா பேரு முதல்ல. அது குறைச்சலான இடம் இல்லைன்னு அவர்கிட்ட டிராஃப்ட் கைல கொடுத்து நேர்ல பேசுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க.

கேள்வி: முகூர்த்தம் கோயில்ல, சாப்பாடு பக்கத்து கம்யூனிட்டி ஹால்ல. எதை இடமா போடுறது?

தாலி கட்டுற இடம் வாக்கியத்துக்குள்ள: "______ திருக்கோயிலில் திருமணம் நடைபெற உள்ளது". ஹால் தனி வரியில: "விருந்து: காலை ____ மணி முதல், ______ சமுதாயக் கூடம்". கோயில் சந்நிதியில நிறைய பேர் நிக்க முடியாது, அதனால விருந்து நேரத்தை முகூர்த்தம் முடியுற நேரத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கிற மாதிரி போட்டா கூட்டம் தானா பிரியும். கோயில்ல அன்னைக்கு வேற கல்யாணமும் இருக்கும், அலுவலகத்துல உங்களுக்கு ஒதுக்கின நேரத்தை வாங்கிட்டு அதுக்கப்புறம் அச்சுக்கு கொடுங்க.

கேள்வி: "திருவளர்ச்செல்வன்" சரியா, "திருவளர்செல்வன்" சரியா?

வினைத்தொகைங்க, ச் வராது. திருநிறைசெல்விக்கும் அப்படியே. பிரஸ்ல பழைய டெம்ப்ளேட்ல ச் போட்டே வச்சிருப்பாங்க, புரூஃப் வரும்போது ரெண்டு பேருக்கும் அடிச்சு விடுங்க.