குறிப்பில் ஆம்ஸ்ட்ராங், படத்தில் ஆல்ட்ரின்: படக்குறிப்பையும் மாற்று உரையையும் பிழை திருத்துவது எப்படி?

கேள்வி: கட்டுரையை நான்கு முறை படித்துத் திருத்திவிடுகிறேன், ஆனால் படங்களுக்குக் கீழே வரும் குறிப்பிலும் மாற்று உரையிலும் பிழை தங்கிவிடுகிறது. அவற்றைத் திருத்த ஏதாவது ஒழுங்கான வழி உண்டா? இரண்டிலும் முற்றுப்புள்ளி வைக்கவேண்டுமா? மாற்று உரைக்குள் மேற்கோள் குறி போட்டால் பாதி வாக்கியம் காணாமல் போகிறதே, ஏன்?

பதில்: பிழை தங்குவதற்கு முதல் காரணம், படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்று உரை, அதாவது `alt`, கண்ணில் படுவதே இல்லை. பக்கத்தை எத்தனை முறை உருட்டிப் படித்தாலும் அது பக்கத்தின் நிரலுக்குள் ஒளிந்திருக்கும், எழுத்துப்பிழை காட்டும் கருவியும் பெரும்பாலும் அதை எட்டிப் பார்க்காது. அதனால் அதை வெளியே இழுத்துப் போடுவதுதான் முதல் வேலை. பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, F12 அழுத்தி, Console பகுதியில் இதை ஒட்டுங்கள்:

```js
document.querySelectorAll("img").forEach(i =>
  console.log([i.getAttribute("alt"),
               i.closest("figure")?.innerText]))
```

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரையும், `figure` குறிக்குள் படக்குறிப்பு இருந்தால் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். `null` என்று வந்தால் அந்தப் படத்துக்கு `alt` எழுதவே இல்லை என்று அர்த்தம். அது பிழை, ஏனென்றால் அப்படிப்பட்ட இடத்தில், பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள் சில, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க ஆரம்பித்துவிடும். வெறும் `""` என்று வந்தால் அது வேறு விஷயம், "இது அலங்காரப் படம், தாண்டிப் போ" என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்வது. ஓரத்துக் கோடு, பின்னணிப் பூ வேலைப்பாடு போன்றவற்றுக்கு அதுதான் சரி. செய்தி சொல்லும் படத்துக்கு அப்படி இருந்தால் யாரோ சோம்பேறித்தனமாக விட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுசாகத் திருத்திப் பார்க்கலாம். நிலவில் வெள்ளை விண்வெளி உடையில் ஒருவர் நம்மைப் பார்த்து நிற்பார், தலைக்கவசக் கண்ணாடி பொன்னிறத்தில் பளபளக்கும், எல்லோரும் பார்த்த படம். நாசாவின் எண் AS11-40-5903. இப்படி ஒரு வரைவு உங்களிடம் வந்திருக்கிறது என்று வையுங்கள்:

படக்குறிப்பு: நிலவில் முதன்முதலாகக் காலடி வைக்கும் நீல் ஆம்ஸ்ட்ராங் ,(ஜூலை 21 1969)..

மாற்று உரை: நிலவில் முதன்முதலாகக் காலடி வைக்கும் நீல் ஆம்ஸ்ட்ராங் படம்

நிறுத்தக்குறிகளில் கை வைக்காதீர்கள், அது கடைசி. முதலில் உண்மை. படத்தில் இருப்பவர் ஆம்ஸ்ட்ராங் இல்லை, பஸ் ஆல்ட்ரின். ஆம்ஸ்ட்ராங் இந்தப் படத்தை எடுத்தவர். அப்போலோ 11 பயணத்தில் நிலவின் தரையில் கேமரா பெரும்பாலான நேரம் ஆம்ஸ்ட்ராங் கையில்தான் இருந்தது, அதனால் அங்கே எடுத்த நல்ல படங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆல்ட்ரின். இதைக் கண்டுபிடிக்க ஆவணக் காப்பகம் வரைக்கும் போகவேண்டியதில்லை. படத்தைப் பெரிதாக்கினால் தலைக்கவசக் கண்ணாடியில் எதிரே நிற்கும் இன்னொரு வெள்ளை உருவம் தெரியும், பக்கத்தில் இறங்குகலமும் தெரியும். அந்தப் பயணத்தில் நிலவில் இறங்கியவர்கள் இரண்டே பேர், முதலில் கால் வைத்தவர் அந்தப் பிரதிபலிப்பில் இருக்கிறார்! இருந்தும் இந்தப் பெயர்ப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது, ஏனென்றால் நிலவு என்றதும் ஆம்ஸ்ட்ராங் பெயர் தானாகக் கையில் வந்துவிடுகிறது, எழுதுபவர் படத்தைப் பார்க்காமல் தன் நினைவைப் பார்த்து எழுதுகிறார். படக்குறிப்பில் வரும் உண்மைப் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகைதான், எனவே பெயர் வந்தாலே படத்தை முதலில் வெளியிட்ட இடத்துக்குப் போய் அங்கே இருக்கும் குறிப்போடு ஒப்பிடுங்கள். வேறொரு கட்டுரையோடு ஒப்பிடுவது போதாது, அதை எழுதியவரும் எங்கேயாவது பார்த்து எழுதியிருப்பார்.

அடுத்தது வினை. "காலடி வைக்கும்" என்கிறது குறிப்பு, ஆனால் படத்தில் அவர் நிலவின் தரையில் நிற்கிறார், ஏணியில் இருந்து இறங்கவில்லை. படத்தில் நடக்காத செயலைக் குறிப்பில் நடத்தக்கூடாது.

தேதி கொஞ்சம் வம்பு பிடித்தது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூலை 20 இரவு 10.56, உலகப் பொது நேரப்படி ஜூலை 21 அதிகாலை 2.56. ஆக 20 என்று எழுதினாலும் 21 என்று எழுதினாலும் ஒருவர் தப்பு என்று சொல்லக் கிளம்பி வருவார். கட்டுரையின் உடலில் எது இருக்கிறது என்று பாருங்கள், குறிப்பிலும் அதுவே இருக்கட்டும், எந்த நேரப்படி என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுங்கள். உடலில் ஒரு தேதியும் குறிப்பில் இன்னொரு தேதியும் இருப்பதுதான் மோசம். வாசகர் இரண்டையும் நம்பமாட்டார்.

இனி மாற்று உரை. வரைவில் அது குறிப்பின் நகலாக இருக்கிறது, கடைசியில் "படம்" என்று ஒரு ஒட்டு வேறு. ஸ்கிரீன் ரீடர் "இது படம்" என்பதைத் தானே அறிவித்துவிடும், அப்புறம் மாற்று உரையை வாசிக்கும், அதன்பின் குறிப்பையும் வாசிக்கும். கேட்பவருக்கு ஒரே வாக்கியம் இரண்டு தடவை, "படம்" என்ற சொல் அதற்கு மேலும் ஒரு தடவை. குறிப்பு யார், எப்போது, எங்கே என்று சொல்லட்டும்; கண்ணால் பார்த்தால் என்ன தெரியுமோ அதை மாற்று உரை சொல்லட்டும். குறிப்பே இல்லாத படம் என்றால் மட்டும் பெயரையும் மாற்று உரையிலேயே கொடுத்துவிடுங்கள். திருத்தியபின் இப்படி வரும்:

படக்குறிப்பு: நிலவின் தரையில் பஸ் ஆல்ட்ரின். உலகப் பொது நேரப்படி 1969 ஜூலை 21 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் எடுத்தது. படம்: நாசா.

மாற்று உரை: வெள்ளை விண்வெளி உடையில் நேராக நிற்கும் ஒருவர். தலைக்கவசத்தின் பொன்னிறக் கண்ணாடியில் படமெடுப்பவரின் உருவமும் இறங்குகலமும் சிறிதாகத் தெரிகின்றன.

ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. பக்க வடிவமைப்பில் இந்தப் படத்தை வெட்டித் தலைக்கவசம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்களா? அப்படியானால் "நேராக நிற்கும்" என்பது பொய்யாகிவிடுகிறது. வெளியாகப்போகும் வெட்டை வைத்துத்தான் சரிபார்க்கவேண்டும், மூலப் படத்தை வைத்து அல்ல. பலர் இருக்கும் படத்தில் "இடமிருந்து வலம்" என்று பெயர்கள் வந்தால் தலைகளை எண்ணுங்கள், பெயர்களையும் எண்ணுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஓரத்தில் ஒருவரை வெட்டியிருப்பார்கள். எண்ணிக்கை பொருந்தினாலும் படத்தையே இடவலமாகத் திருப்பியிருக்கலாம். பின்னால் ஏதாவது எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பித் தெரிகிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இப்போது நிறுத்தக்குறி. படக்குறிப்பில் விதி உங்கள் தளத்தின் பழக்கம்தான். முழு வாக்கியம் என்றால் முற்றுப்புள்ளி, வெறும் பெயர்த்தொடர் என்றால் வேண்டாம் என்று வைத்துக்கொள்வார்கள் பலர். ஆனால் மேலே இருப்பதுபோல ஒரு தொடருக்குப் பின்னால் வாக்கியம் வந்தால் இரண்டுக்கும் வைத்துவிடுவதுதான் பார்க்க ஒழுங்காக இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுரை முழுக்க அதுவே. வரைவில் இருந்த மற்ற கோளாறுகள் பழக்கத்தில் சேராது, அவை பிழை: காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி, அடைப்புக்குறிக்கு முன்னால் காற்புள்ளி, கடைசியில் இரட்டைப் புள்ளி. இவை அவசரத்தில் கை தவறித் தட்டியவை, உடலில் இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

மாற்று உரைக்கு மட்டும் என் பதில் திட்டவட்டமானது: கடைசியில் முற்றுப்புள்ளி வையுங்கள், அது ஒற்றைத் தொடராக இருந்தாலும் சரி. கேட்கும் குரல் புள்ளியைக் கண்டால் நிறுத்தி மூச்சு விடும், இல்லையென்றால் மாற்று உரையின் கடைசிச் சொல்லும் அடுத்து வரும் வரியின் முதல் சொல்லும் ஒட்டிக்கொண்டு புது அர்த்தம் கொடுக்கும். அதே காரணத்தால் நீளக் கோடு, சாய்கோடு, நட்சத்திரக்குறி இவற்றை மாற்று உரையில் தவிர்த்துவிடுங்கள், ஒரு மென்பொருள் விழுங்கும், இன்னொன்று அதன் பெயரையே வாசித்துக் கழுத்தறுக்கும். NVDA என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், நிறுவி ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டால் கண்ணுக்குச் சிக்காத பிழை காதுக்குச் சிக்கும்.

மேற்கோள் குறி விவகாரத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இந்த மாதிரி:

```html
<img src="a.jpg" alt="கண்ணாடியில் "ஈகிள்" தெரிகிறது.">
```

`alt=` க்குப் பின்னால் வரும் முதல் `"` கதவைத் திறக்கிறது, அடுத்த `"` எங்கே வந்தாலும் மூடிவிடுகிறது. ஆக மாற்று உரை "கண்ணாடியில்" என்ற சொல்லோடு முடிந்துபோகிறது, மிச்சத்தைப் பிரவுசர் ஏதோ புரியாத பண்புகள் என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும், எச்சரிக்கை எதுவும் வராது. உள்ளே இருக்கும் குறிகளை வளைந்த மேற்கோளாக்குங்கள், அல்லது `&quot;` என்று எழுதுங்கள்:

```html
<img src="a.jpg" alt="கண்ணாடியில் “ஈகிள்” தெரிகிறது.">
```

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வேர்டில் தட்டச்சு செய்த வரியை அப்படியே ஒட்டினால் வெளிக்குறியே வளைந்ததாக மாறி `alt=“வெள்ளை உடையில்...”` என்று ஆகியிருக்கும். வளைந்த குறியைப் பிரவுசர் எல்லையாக ஏற்காது, முதல் இடைவெளியிலேயே வெட்டிவிடும், மிஞ்சுவது `“வெள்ளை` மட்டும். மேலே சொன்ன பட்டியலில் ஒற்றைச் சொல்லோடு நிற்கும் மாற்று உரையைப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் என்று சந்தேகப்படலாம். தளத்தின் எடிட்டரில் இருக்கும் மாற்று உரைப் பெட்டியில் எழுதுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அதுவே இதைக் கவனித்துக்கொள்ளும், அங்கே `&quot;` எழுதாதீர்கள், சில இடங்களில் அது அப்படியே எழுத்தாக வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று, வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்களுக்கு. மீடியா லைப்ரரியில் போய் மாற்று உரையைத் திருத்திவிட்டால் கட்டுரையிலும் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். படத்தைக் கட்டுரையில் சேர்த்த நேரத்தில் இருந்த உரை அந்தக் கட்டுரைக்குள் நகலாகிவிடுகிறது, படக்குறிப்பும் அப்படித்தான். லைப்ரரியில் ஆல்ட்ரின், கட்டுரையில் இன்னமும் ஆம்ஸ்ட்ராங் என்று இருக்கும். கட்டுரையில் அந்தப் படத்தைத் தொட்டு அங்கேயும் மாற்றிச் சேமித்துவிட்டு, வெளியான பக்கத்தில் அந்த மூன்று வரி நிரலை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.