செல்ஃப் இன்ட்ரோ வீடியோ: நோட்டில் எழுதியது வாயில் வரவில்லை

கேள்வி: ஹெச்ஆர் ஒன்றரை நிமிஷத்தில் செல்ஃப் இன்ட்ரோ வீடியோ கேட்கிறார். என்ன எழுதி வைத்துப் பேசுவது?

நீங்கள் புதிதாக வேலை தேடுபவர் என்று நினைத்துச் சொல்கிறேன். நான் ஹெச்ஆர் இல்லை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் போய் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவன். போன வருஷம் ராணிப்பேட்டை கம்பெனி ஒன்று இதே மாதிரி கேட்டது, தமிழிலேயே பேசலாம் என்றார்கள்.

நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். பிறந்த ஊர், அப்பா கைத்தறி நெசவாளர் என்று ஆரம்பித்து, வேலையைப் பற்றிய பேச்சு வரவே 40 விநாடி ஆனது. "பணிபுரிந்து வருகிறேன்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு சிக்கியது. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? பேப்பரைப் பக்கத்தில் ஒட்டிப் படித்தாலோ, கண் இடமும் வலமும் ஓடுவது வீடியோவில் அப்படியே தெரிந்தது.

கடைசியில் அக்கா, "நீ எழுதாதடா, எங்கிட்ட சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றாள். லாஸ்டிங் என்றால் ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்துவது, ரஃபிங் என்றால் பசை பிடிக்கத் தோலைச் சொரசொரப்பாக்குவது. வந்தது இதுதான் (முன்னால் வணக்கமும் பெயரும்):

"லாஸ்டிங் செக்‌ஷன்ல ரெண்டு வருஷம் குவாலிட்டி பார்த்தேன். ஒரு மாசம் சோல் பிரிஞ்சு நிறைய ஜோடி ரீவொர்க்குக்கு வந்துச்சு. எல்லாரும் பசையைக் குறை சொன்னாங்க. பிரிஞ்ச ஜோடியைப் பார்த்தா பசை முழுக்க சோல்லயே இருந்துச்சு, தோல்ல பிடிக்கவே இல்ல. தோலை ரஃபிங் பண்ணது பத்தல. அங்கேயே ஒரு செக் வெச்சோம், ரீவொர்க் பாதிக்கு மேல குறைஞ்சுது. உங்க விளம்பரத்துல ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலைன்னு பார்த்தேன், அதான் அப்ளை பண்ணேன். நன்றி."

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி நேரத்தை நிரப்பவும் இல்லை. லாஸ்டிங், பசை, ரஃபிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று நாலே வார்த்தையைப் பெரிதாக எழுதி, போன் கேமராவுக்கு ஒட்டினாற்போல் மேலே வைத்தேன். படிக்க வாக்கியமே இல்லாததால் கண் ஓடவில்லை. அப்புறம் ஃபேனை நிறுத்த வேண்டும், அதன் இரைச்சல் மைக்கில் ஏறும். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் நாலு டேக்குக்கு மேல் தாங்காது.

வேலை அனுபவம் இல்லையென்றால் காலேஜ் பிராஜெக்ட்டில் எது கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை அந்த இடத்தில் வையுங்கள். "கம்பெனி குறையை வெளியே சொல்லலாமா" என்று சிலர் வருவார்கள். கம்பெனி பெயரோ வாங்குகிற பிராண்ட் பெயரோ நான் சொல்லவில்லை, சரியா?

இதற்கு முன்னால் ஒரு பயிற்சி மையத்தில் 2,500 ரூபாய் கொடுத்து ஸ்கிரிப்ட் வாங்கியிருந்தேன். "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன்." என் நண்பனுக்கும் அதே ஸ்கிரிப்ட்தான், பெயர் மட்டும் வேறு. இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு அனுப்பித் தொலைத்தோம். காசைத் திருப்பிக் கேட்டால் இன்னும் போனை எடுப்பதில்லை.