சிறுநீரக எடை மாறினால் எஸ்-மதிப்பு

"லுட்டீசியம்-177 சிகிச்சை. நோயாளியின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து 200 கிராம், எஸ்-மதிப்புகள் கணக்கிடப்பட்ட மாதிரி உடலில் 310. எல்லா எஸ்-மதிப்புகளையும் 310/200 ஆல் பெருக்கலாமா?"

வேண்டாம். எஸ்-மதிப்பு என்பது ஓர் உறுப்பிலுள்ள கதிரியக்கம், ஓர் அலகுக்கு, அதே உறுப்புக்கோ வேறோர் உறுப்புக்கோ கொடுக்கும் டோஸ். சிறுநீரகம் தனக்கே கொடுக்கும் எஸ்-மதிப்பை மட்டும் பெருக்குங்கள். பீட்டா துகள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவுக்கே போகும்; ஆற்றல் உறுப்புக்குள்ளேயே தங்குவதால் எடை குறைந்தால் டோஸ் ஏறும்.

கல்லீரல் போன்ற பிற உறுப்புகளிலிருந்து சிறுநீரகத்துக்கு வருவது காமா கதிர். சிறிய சிறுநீரகம் குறைவாகவே உறிஞ்சும், அதன் எடையும் குறைவு. எனவே கிராமுக்கான டோஸ் ஏறத்தாழ மாறாது. அங்கே முக்கியம் இரு உறுப்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான்.

உதாரணமாக, தொடக்கத்தில் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து 220 மெகாபெக்கரல், உடல் வெளியேற்றுவதையும் சேர்த்த பயனுறு அரை ஆயுள் 50 மணி என்போம். 220 × 50 × 1.443 ≈ 15,900 மெகாபெக்கரல்-மணி. மாதிரி உடலின் எஸ்-மதிப்பு ஒரு மெகாபெக்கரல்-மணிக்கு சுமார் 0.27 மில்லிகிரே, டோஸ் 4.3 கிரே. 310/200, அதாவது 1.55 ஆல் பெருக்கினால் 6.7 கிரே. அப்புறம், 50க்குப் பதில் இயற்பியல் அரை ஆயுளான 160 மணியைப் போட்டுவிடாதீர்கள், டோஸ் மூன்று மடங்காகிவிடும்.