பனிமூட்டத்துல கப்பல் ஹாரன் கேட்டா எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க: கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஊதல்னா வலது, ரெண்டுன்னா இடது, மூணுன்னா ரிவர்ஸ். பனியிலயும் இதேதானே?

பதில்: பாதி சரி. நீங்க சொல்றது ஒரு செகண்ட் நீளத்துக்கு வர்ற குட்டி ஊதல், அதுவும் ரெண்டு கப்பலும் ஒண்ண ஒண்ணு கண்ணால பாத்துக்கிட்டு இருக்கும்போது மட்டும். ஊதுற கப்பல் எந்தப் பக்கம் மூஞ்சிய வச்சிருக்குன்னே தெரியாதப்போ அது வலது பக்கம் திரும்புதுன்னு தெரிஞ்சு நமக்கு என்ன பிரயோஜனம்? அதனால பனியில கேக்குறது பெரும்பாலும் நீண்ட ஊதல், நாலுல இருந்து ஆறு செகண்ட் வரைக்கும் இழுக்கும். எஞ்சின்ல ஓடிக்கிட்டிருக்கிற கப்பல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவையாவது ஒரு நீண்ட ஊதல் குடுக்கணும். அதே கப்பல் எஞ்சின நிறுத்தி, தண்ணியில நகராம நின்னுடுச்சுன்னா, நடுவுல ரெண்டு செகண்ட் இடைவெளி விட்டு ரெண்டு நீண்ட ஊதல். இந்த ரெண்ட இடது பக்கம் திரும்புறதா எடுத்துக்கிட்டீங்கன்னா நின்னுக்கிட்டிருக்கிற கப்பல ஓடுறதா நினைச்சு விலகப் போவீங்க, அங்கதான் ஆபத்து.

கேள்வி: ரேடார்ல தெளிவா தெரியுதே, அப்போ குட்டி ஊதல் குடுக்கலாம்ல?

பதில்: கூடாது. பாக்குறதுன்னா கண்ணால பாக்குறது, திரையில புள்ளி தெரியுறது கணக்குல வராது. பனி சட்டுனு விலகி கப்பல் உருவம் கண்ணுக்குத் தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து நீங்க திரும்பினா குட்டி ஊதல் குடுத்தே ஆகணும். மூணு குட்டி ஊதல்ல ஒண்ணு கவனிங்க, எஞ்சின் பின்னாடி இழுக்குதுன்னுதான் அர்த்தம், கப்பல் பின்னாடி போகுதுன்னு இல்ல, பெரிய கப்பல்னா இன்னும் கொஞ்ச நேரம் முன்னாடியே வழுக்கிக்கிட்டு வரும்.

கேள்வி: என் படகு 8 மீட்டர். 6 நாட் வேகத்துல போய்க்கிட்டிருந்தப்போ வலது முன்பக்கமா ஒரு நீண்ட ஊதல் கேட்டுச்சு, சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் இடதுல திருப்பிட்டேன். சரியா செஞ்சேனா?

பதில்: தப்பிச்சீங்கன்னு சந்தோஷம், ஆனா அடுத்த தடவ திருப்பாதீங்க. பனியில சத்தம் வர்ற திசைய காத வச்சு நம்ப முடியாது, வலதுன்னு தோணுனது நேர் முன்னாடியே இருந்திருக்கலாம். மொதல்ல வேகத்த, சுக்கான் பிடிக்கிற அளவுக்கு மட்டும் விட்டு முழுசா குறைங்க, சந்தேகம் இருந்தா சுத்தமா நிறுத்துங்க. எஞ்சின் சத்தம் அடங்குனா அடுத்த ஊதல் நல்லா கேக்கும். நின்னதும் உங்க சிக்னலையும் ரெண்டு நீண்ட ஊதலா மாத்துங்க, அப்பதான் அவங்களுக்கு நீங்க நிக்கிறது தெரியும். (12 மீட்டருக்குக் கீழ இருக்கிற படகுக்கு இந்த முறைப்படியே ஊதணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஏதாவது நல்ல சத்தம் குடுக்கணும்; முறைப்படி ஊதுறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.)

கணக்கு போட்டுப் பாருங்க. எதிர்ல வர்றது 12 நாட் வேகத்துல வந்தா ரெண்டு நிமிஷத்துல சுமார் 740 மீட்டர் தாண்டிடும். 20 மீட்டருக்குக் குறைஞ்ச படகு ஹாரன் கேக்குற தூரம்னு எடுத்துக்கிறது அரை கடல் மைல், அதாவது 900 மீட்டர் சொச்சம். அவங்க உங்க ஊதல ஒரு தடவ கேட்டு, அடுத்தத கேக்குறதுக்குள்ள கிட்டத்தட்ட மேலயே வந்துடுவாங்க.

கேள்வி: நாங்க வலை போட்டு நங்கூரம் பாய்ச்சி நிப்போம், அப்போ ரெண்டு நீண்டதுதானே?

பதில்: இல்ல, மீன்பிடிக்கிற படகுக்குத் தனி. ஒரு நீண்டது, அதோட ரெண்டு குட்டி, நங்கூரத்துல நின்னு பிடிச்சாலும் அதேதான். பாய் படகு, இழுத்துக்கிட்டு போற கப்பல், சுக்கான் போயி கட்டுப்பாடு இல்லாம நிக்கிறது எல்லாரும் இதையே ஊதுவாங்க, அதனால இது கேட்டா அவங்களால லேசுல விலக முடியாதுன்னு வச்சுக்கோங்க. ஒரு நீண்டது மூணு குட்டி கேட்டா, இழுத்துட்டு வர்றதுல கடைசிப் படகுல ஆள் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி கயிறு இருக்கும், நடுவுல பூந்துடாதீங்க. சும்மா நங்கூரத்துல நிக்கிற கப்பல் ஊதாம நிமிஷத்துக்கு ஒரு தடவ அஞ்சு செகண்ட் மணிய வேகமா அடிக்கும், விருப்பப்பட்டா கூடவே குட்டி-நீளம்-குட்டின்னும் ஊதும்.

கேள்வி: அப்போ ரெண்டு நிமிஷம் காத்திருக்காம நிமிஷத்துக்கு ஒரு தடவ ஊதுனா பாதுகாப்பு தானே?

பதில்: விதியில தடை இல்ல, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா நாம ஊதுற நேரம் நமக்கு எதுவும் கேக்காது. நான் எதிர்ல ஒண்ணு கேட்ட பிறகு அடிக்கடி ஊதுவேன், நடுவுல எஞ்சின அடக்கி கேப்பேன். என்கூட ஓட்டுற ஒருத்தர் எப்பவும் சரியா ரெண்டு நிமிஷம்தான், அதிகமா ஊதுனா ரெண்டு படகு இருக்குன்னு எதிராளி குழம்புவான்னு அவர் கட்சி, இந்த விஷயத்துல நாங்க இன்னும் ஒத்துப் போகல.